ஓடுகிற விளம்பரத்துக்கு ஒரே இரவில் இரட்டிப்புப் பணம்

"அண்ணா, பத்து நாளா நல்லா ஓடிட்டிருந்துச்சு. நேத்து நைட்டு பட்ஜெட்டை டபுள் பண்ணேன். இன்னிக்குக் காசு மட்டும் போகுது, ஆர்டரைக் காணோம்."

சிறு வியாபாரிகளின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரக் கணக்குகளைப் பார்த்துக்கொடுப்பது என் பிழைப்பு. அதில் எனக்கு அடிக்கடி வரும் போன் இதுதான். பேசுகிறவர் மாறுவார், பொருள் மாறும். ஊறுகாய், குழந்தைச் சட்டை, வெள்ளிக் கொலுசு. நடந்தது மட்டும் மாறாது. ஒரு விளம்பரம் நன்றாக ஓடியிருக்கும். இரண்டாயிரம் போட்டால் பத்து ஆர்டர் வருகிறதே, நாலாயிரம் போட்டால் இருபது வராதா என்று மனம் கணக்குப் போட்டிருக்கும். இரவு பதினொரு மணிக்குப் படுத்தபடியே போனில் ஒரு எண்ணை மாற்றியிருப்பார்கள்.

அந்தக் கணக்கு ஏன் பலிக்கவில்லை என்று தெரிய, அந்தப் பணம் எங்கே, எப்படிச் செலவாகிறது என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

மெட்டா நிறுவனத்தின் ஆட்ஸ் மேனேஜரில் ஒரு விளம்பரம் மூன்று அடுக்காக இருக்கும். மேலே கேம்பெயின், நடுவில் ஆட் செட், கடைசியில் ஆட், அதாவது கண்ணுக்குத் தெரியும் படமோ வீடியோவோ. யாருக்குக் காட்டுவது, எந்தச் செயலைக் குறிவைப்பது என்பதெல்லாம் நடு அடுக்கில் இருக்கிறது. பல சிறு கணக்குகளில் அன்றாட பட்ஜெட்டும் அங்கேதான். ஆகவே "விளம்பரம் நல்லா ஓடுது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஆட் செட்டைத்தான்.

ஒருவர் இன்ஸ்டாகிராமைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போகிறார். அவருக்கு ஒரு விளம்பரம் காட்ட இடம் வரும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு ஏலம் நடக்கிறது. அதில் அதிகப் பணம் சொன்னவர்தான் ஜெயிப்பார் என்றில்லை. நீங்கள் தரத் தயாராக இருக்கும் தொகை, இந்த ஆள் இந்த விளம்பரத்தைப் பார்த்து வாங்குவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்ற மதிப்பீடு, விளம்பரத்தின் தரம் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் யாருடைய விளம்பரம் தோன்றும் என்று முடிவாகிறது. நடுவில் உள்ள மதிப்பீடுதான் இந்தக் கட்டுரையின் உயிர்நாடி. ஆட் செட் புதிதாகத் தொடங்கும்போது அந்த மதிப்பீடு ஏறக்குறைய இருட்டில் கைவிட்டுத் துழாவுவது போலத்தான். யார் தொட்டார்கள், யார் வாங்கினார்கள், எந்த நேரத்தில் வாங்கினார்கள் என்று பார்த்துப் பார்த்து அது தேறுகிறது.

இந்தத் தேறும் காலத்துக்குத்தான் லேர்னிங் பேஸ் என்று பெயர். ஆட்ஸ் மேனேஜரில் டெலிவரி என்ற பத்தியில் `Learning` என்று காட்டும். கடைசியாகச் செய்த பெரிய மாற்றத்திலிருந்து ஒரு வாரத்துக்குள் நீங்கள் குறிவைத்த செயல் சுமார் 50 முறை நடந்தால் இந்தக் கட்டம் முடியும் என்பது மெட்டா சொல்லும் கணக்கு. அந்தச் செயல் "வாங்குதல்" என்றால் 50 ஆர்டர். அது எட்டாது என்று தெரிந்தால் `Learning limited` என்று எழுத்து மாறும்.

இதிலிருந்து ஒரு சின்னக் கணக்கு உடனே போடலாம். ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு 200 ரூபாய் ஆகிறது என்றால் 50 ஆர்டருக்கு 10,000 ரூபாய். வாரத்துக்கு அவ்வளவு வேண்டுமென்றால் நாளுக்கு ஏறத்தாழ 1,430 ரூபாய். நாளுக்கு 500 ரூபாய் மட்டும் போடுகிறவரின் ஆட் செட் இந்தக் கட்டத்தைத் தாண்டுவதே கஷ்டம். அவருடைய பிரச்சினை வேறு. அவர் நாலு ஆட் செட்டில் பிரித்துப் போட்ட பணத்தை ஒன்றில் சேர்க்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்தக் கட்டத்தைத் தாண்டி, லாபத்தில் நிலையாக ஓடும் ஆட் செட்டைப் பற்றியது.

இப்போது பட்ஜெட்டுக்கு வருவோம். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால், மெட்டாவின் வழக்கமான ஏல முறை, கொடுத்த பணம் முழுவதையும் செலவு செய்து அதற்குள் எவ்வளவு அதிக ஆர்டர் வாங்க முடியுமோ வாங்கித் தரப் பார்க்கும். பட்ஜெட்டைப் பலர் "இதுவரை போகலாம்" என்ற அனுமதி என்று நினைக்கிறார்கள். இயந்திரம் அதை "இவ்வளவையும் செலவு பண்ணு" என்ற உத்தரவாக எடுத்துக்கொள்கிறது. நாளுக்கு 2,000 என்றால் அந்த இரண்டாயிரத்தை நாள் முழுக்கப் பரப்பி, மலிவாகக் கிடைக்கும் வாய்ப்புகளாகப் பார்த்துப் பொறுக்கும். அதையே திடீரென்று 4,000 ஆக்கினால் நாளுக்கு அதே இருபத்துநாலு மணி நேரம்தான் இருக்கிறது. இதுவரை வேண்டாம் என்று விட்ட ஏலங்களிலும் அது இறங்க வேண்டும். விலையைக் கூட்டிக் கேட்க வேண்டும். வாங்கும் வாய்ப்புக் குறைவான ஆட்களிடமும் போக வேண்டும். அந்த ஆட்களைப் பற்றி அதற்கு இதுவரை பெரிதாக எதுவும் தெரியாது.

கிணற்றடியில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. மூன்று எச்.பி. மோட்டாருக்கு ஈடுகொடுத்து ஊறிக்கொண்டிருந்த கிணற்றில் பத்து எச்.பி. மோட்டாரை இறக்கினால் முதல் அரைமணி நேரம் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வரும். அப்புறம் காற்றுதான் வரும். கரண்ட் பில் மட்டும் பத்து எச்.பி.க்கு வரும்.

ஆக, இரட்டிப்பாக்கும்போது நடப்பவை இரண்டு. அவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறு நடக்கிறது. ஒன்று, மாற்றம் பெரிதாக இருந்தால் ஆட் செட் மறுபடியும் கற்றல் கட்டத்துக்குப் போகலாம். டெலிவரிப் பத்தியில் மீண்டும் `Learning` தெரியும். இது சில நாள் தடுமாற்றம், சரியாகக்கூடும். இன்னொன்று, அடுத்த வாடிக்கையாளர் முந்தைய வாடிக்கையாளரைவிட விலை கூடியவர் என்பது. இது தடுமாற்றம் அல்ல, சந்தையின் இயல்பு. எத்தனை நாள் காத்தாலும் போகாது. `Learning` என்ற எழுத்து திரும்ப வரவில்லையே என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் இரண்டாவது நடந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு கூட்டினால் கற்றல் கட்டம் திரும்பும்? மெட்டா ஒரு திட்டமான எல்லையைச் சொல்வதில்லை. மாற்றத்தின் அளவைப் பொறுத்தது என்கிறது. 100 டாலரை 101 ஆக்கினால் ஒன்றும் ஆகாது, 1,000 ஆக்கினால் திரும்பலாம் என்று உதாரணம் தருகிறது. நடுவில் இருப்பது நம் தலைவலி. தொழிலில் இருப்பவர்கள் வாய்மொழியாக வைத்திருக்கும் அளவு 20 சதவீதம். மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை அவ்வளவு கூட்டலாம் என்பார்கள். இது அனுபவ வழக்கு, மெட்டாவின் விதி அல்ல. 25 சதவீதம் கூட்டியவரை யாரும் தண்டிக்கப்போவதில்லை. ஆனால் நான் 20ஐப் பிடித்துக்கொள்கிறேன். மூன்று நான்கு நாளுக்குப் பதிலாக ஒரு முழு வாரம் விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர்களும் செவ்வாய்க்கிழமை வாங்குகிறவர்களும் ஒன்றல்ல. அதோடு, இன்று விளம்பரத்தைத் தொட்டவர் நாலு நாள் கழித்துச் சம்பளம் வந்ததும் வாங்குவார். வழக்கமான அமைப்பில் தொட்ட ஏழு நாளுக்குள் நடந்த விற்பனையை மெட்டா அந்த விளம்பரத்தின் கணக்கில் எழுதுகிறது. அதனால் கடைசி இரண்டு மூன்று நாளின் எண் எப்போதும் உள்ளதைவிடக் கொஞ்சம் மோசமாகவே தெரியும்.

இனி ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சென்னிமலைப் பருத்திப் போர்வையை இணையத்தில் விற்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், வழி ஒன்றுதான்.

ஜோடிப் போர்வையின் விலை 1,200 ரூபாய். அடக்கம் 620. பெட்டி, கூரியர் 130. மிஞ்சுவது 450. ஆனால் எல்லா ஆர்டரும் வீடு போய்ச் சேராது. கேஷ் ஆன் டெலிவரி என்று ஆர்டர் போட்டுவிட்டு, கூரியர்க்காரர் போன் செய்தால் எடுக்காதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பத்தில் ஒன்று திரும்புகிறது, அதற்குப் போகவரக் கூரியரும் பெட்டியும் சேர்ந்து 250 ரூபாய் நஷ்டம் என்று வைப்போம். ஒன்பது ஆர்டரில் 4,050 வருகிறது, அதில் 250 போனால் 3,800. அதாவது ஆட்ஸ் மேனேஜர் காட்டும் ஒவ்வோர் ஆர்டருக்கும் கையில் நிற்பது 380 ரூபாய். விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது. அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாதவர் என்றால் 380ஐ 1.18 ஆல் வகுக்க வேண்டும். சுமார் 320. ஓர் ஆர்டருக்கான விளம்பரச் செலவு அதைத் தாண்டினால் விற்க விற்க நஷ்டம். இந்த ஓர் எண்ணைக் கண்டுபிடிக்காமல் பட்ஜெட்டில் கைவைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வெளியில் சொல்வதில்லை.

இப்போது நாளுக்கு 2,000 ரூபாய்க்குப் பத்து ஆர்டர், ஆர்டருக்கு 200. வரியோடு விளம்பரச் செலவு 2,360. கையில் நிற்பது 3,800. நாளுக்கு 1,440 லாபம்.

முதல் வழி: ஒரே இரவில் 4,000. அடுத்த வாரம் நாளுக்குச் சராசரி பதினாலு ஆர்டர் வருகிறது. ஆர்டருக்குச் செலவு 286. எல்லை 320 தானே, இன்னும் லாபத்தில்தானே இருக்கிறோம் என்று அவர் நினைப்பார். ஆனால் பதினாலு ஆர்டரில் நிற்பது 5,320, விளம்பரச் செலவு வரியோடு 4,720. லாபம் 600. முன்பு 1,440. நாலு போர்வை கூடுதலாகக் கட்டி அனுப்பி, 840 ரூபாய் குறைவாகச் சம்பாதித்திருக்கிறார். புதிதாகப் போட்ட 2,000 ரூபாய்க்கு வந்தது நாலு ஆர்டர்தான். அவை ஒவ்வொன்றும் 500 ரூபாய்க்கு வாங்கப்பட்டவை. பழைய பத்து ஆர்டரின் மலிவு விலை சராசரிக்குள் புகுந்து இந்த 500ஐ மறைத்துவிட்டது.

இரண்டாவது வழி: வாரத்துக்கு ஒரு படி. 2,000 ரூபாயில் வாரத்துக்கு 14,000 செலவு, 70 ஆர்டர். முதல் படி 2,400. வாரச் செலவு 16,800, ஆர்டர் 82. இங்கே முழுத் தொகையை 82ஆல் வகுக்க வேண்டாம். கூடிய செலவு 2,800, கூடிய ஆர்டர் 12. ஆகவே புது ஆர்டர் ஒன்று 233 ரூபாய். எல்லைக்குள் இருக்கிறது, அடுத்த படி. 2,900 ரூபாயில் வாரச் செலவு 20,300, ஆர்டர் 96. புது ஆர்டர் 250 ரூபாய். 3,500 ரூபாயில் 24,500 செலவு, 110 ஆர்டர். புது ஆர்டர் 300 ரூபாய். இங்கேயே வாசலுக்கு வந்துவிட்டோம் என்று தெரிகிறது. ஆசைக்கு இன்னொரு படி, 4,200. வாரச் செலவு 29,400, ஆர்டர் 122. கூடிய 4,900 ரூபாய்க்கு 12 ஆர்டர், ஒன்று 408 ரூபாய்.

இந்த இடத்தில் ஆட்ஸ் மேனேஜர் காட்டும் சராசரி 241 ரூபாய்தான். திரையை மட்டும் பார்ப்பவர் இன்னும் கூட்டுவார். லாபத்தை எடுத்துப் பார்த்தால் 3,500 ரூபாயில் வாரத்துக்கு 12,890. 4,200 ரூபாயில் 11,668. ஆகவே இந்த ஆட் செட்டுக்கு இப்போதைக்கு எல்லை 3,500.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். வாரத்துக்கு நூறு ஆர்டர் வருகிற இடத்தில், எதையும் மாற்றாமலே ஒரு வாரம் 92, மறுவாரம் 109 என்று ஆடுவது சகஜம். அப்படியிருக்க, பன்னிரண்டு ஆர்டர் வித்தியாசத்தை வைத்துக் கடவுள் வாக்குப் போல முடிவு சொல்ல முடியாது. அதனால் புது ஆர்டரின் விலை எல்லையை நெருங்கும் படியில் மட்டும் இரண்டு வாரம் நிற்பது நல்லது. 233, 250, 300, 408 என்று போக்கு ஒரே திசையில் ஏறினால் அது தற்செயலாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஒரே ஒரு படியில் மட்டும் குதித்தால் தற்செயலாக இருக்கலாம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இந்தச் சோதனையைச் செய்யவே செய்யாதீர்கள். எல்லாரும் ஏலத்தில் நிற்கும் நேரம் அது. விலை ஏறியது உங்கள் படியாலா, பக்கத்துக் கடையாலா என்று பிரித்தறிய முடியாது.

படி ஏற்றும் வாரத்தில் வேறு எதையும் தொடக் கூடாது. பட்ஜெட்டையும் கூட்டி, வயது வரம்பையும் மாற்றி, புதுப் படம் ஒன்றையும் அதே ஆட் செட்டில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். வயது வரம்பு மாற்றமும் புது விளம்பரம் சேர்ப்பதும் தம்மளவிலேயே கற்றல் கட்டத்தைத் திரும்பக் கொண்டுவரும் மாற்றங்கள். ஏழு நாளோ அதற்கு மேலோ நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்ப ஓட விடுவதும் அப்படித்தான். பட்ஜெட் மாற்றத்தை மாலையில் செய்வதும் வேண்டாம். கூடுதல் தொகையை மிச்சமிருக்கும் சில மணி நேரத்துக்குள் செலவழிக்கப் பார்க்கும். விடிகாலையில் மாற்றினால் அதற்கு ஒரு முழு நாள் கிடைக்கும்.

20 சதவீதமாக ஏறினால் நாலு படியில், அதாவது நாலு வாரத்தில், தொகை இரட்டிப்பைக் கொஞ்சம் தாண்டிவிடும். ஒரு மாதமா என்று அலுத்துக்கொள்பவர்கள் ஆட் செட்டை அப்படியே நகலெடுத்து, நகலுக்குத் தனியாகப் பணம் போடுவார்கள். இதில் ஒரு நன்மை உண்டு: மூல ஆட் செட்டின் அமைப்பை யாரும் தொடவில்லை. ஆனால் நகல், பிள்ளையார் சுழியிலிருந்து கற்கத் தொடங்குகிறது. இரண்டும் ஒரே ஆட்களைத் தேடினால், ஒரே ஏலத்தில் உங்கள் இரண்டில் ஒன்றை மட்டும்தான் மெட்டா இறக்கும். மற்றது செலவாகாமல் திணறும். நகல், வேறு வகை ஆட்களிடம் போகும்போதுதான் எனக்கு அதில் நம்பிக்கை. நாளுக்கே நூற்றுக்கணக்கான ஆர்டர் பார்க்கும் பெரிய கணக்குகள் இரட்டிப்பையும் தாங்கிவிடுவதுண்டு. அவற்றின் தகவல் குவியல் பெரியது. அவர்களைப் பார்த்து நாம் சூடு போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லை 3,500 என்று தெரிந்த பிறகு மேலே போகவே முடியாதா என்றால், பட்ஜெட் பொத்தான் வழியாக முடியாது. ஒரே ஆள் அதே விளம்பரத்தைச் சராசரியாக எத்தனை முறை பார்த்தார் என்பதை ஃப்ரீக்வென்சி என்ற பத்தி காட்டும். அது வாராவாரம் ஏறிக்கொண்டு, தொடுபவர்களின் சதவீதம் இறங்கினால், இந்தப் படத்தைப் பார்க்க வேண்டியவர்கள் பார்த்து முடித்துவிட்டார்கள் என்று பொருள். அப்போது தேவை புதுப் படமும் புதுப் பேச்சும். அதை ஓடுகிற ஆட் செட்டுக்குள் திணிக்காமல் தனி ஆட் செட்டில் சிறு தொகையில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே நேற்றிரவு இரட்டிப்பாக்கிவிட்ட அந்தத் தம்பிக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். பதறி இன்றே பழைய எண்ணுக்கு இழுக்காதே என்றேன். இறக்குவதும் ஒரு பெரிய மாற்றம்தான். ஏற்றி இறக்கி ஏற்றினால் அது எதையும் கற்காது. நாலைந்து நாள் நஷ்டத்தைத் தாங்க முடியுமானால் கைவைக்காமல் விடு. முடியாதென்றால் ஒரே முறை இறக்கிவிட்டு, அந்த ஏழு நாளும் போனைத் தொடாதே. பழைய 200 ரூபாய் மறுநாளே திரும்பி வந்து நிற்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதே.

"அப்ப எப்ப கூட்டறது அண்ணா?" என்றான். ஒரு நோட்டு வாங்கச் சொன்னேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் போன வாரச் செலவு, போன வார ஆர்டர், முந்தைய வாரத்தைவிட எவ்வளவு கூடியது, புது ஆர்டர் ஒன்றின் விலை என்று நாலு எண். கடைசி எண்ணைத் தானாகக் கணக்கிட்டுக் காட்டும் பத்தி ஆட்ஸ் மேனேஜரில் இல்லை. அதைக் கையால்தான் போட வேண்டும்.